அடையாளம் தெரியாத வாகனமும் அடையாளம் தெரிந்த நாற்காலிகளும்

நம் செய்தித்தாள்களில் அரசியல்வாதிகளைவிட அதிகம் பேர் வாங்கிய பிரமுகர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் ‘அடையாளம் தெரியாத வாகனம்’. நேற்று திண்டிவனத்தில் சைக்கிளில் போனவரை மோதினார், இன்று கோவில்பட்டியில் சாலையைக் கடந்த மூதாட்டியை மோதினார், நாளை எங்கே என்பது அவர் விருப்பம். அவருக்கு நிறம் கிடையாது, நம்பர் கிடையாது, உரிமையாளர் கிடையாது. முக்கியமாக, இன்சூரன்ஸ் கிடையாது.

இத்தனைக்கும் எதையும் கண்டுபிடிக்கத் தெரியாத நாடில்லை இது. ஹெல்மெட் போடாமல் பால் வாங்கப் போனால், பால் பொங்கும் முன்னே செல்போனில் அபராதச் செய்தி வந்துவிடுகிறது. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக்கில் காசில்லாவிட்டால் தடுப்புக்கட்டை நம் வண்டியை ஓர் அங்குலம் நகர விடாது. ஆனால் இரண்டு சுங்கச்சாவடிகளுக்கு நடுவே ஒரு மனிதனை நசுக்கிய லாரி மட்டும், அடுத்த சாவடி வருவதற்குள் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குப் பார்வை தெரிகிற கேமராவுக்கு உயிரென்றால் கண்புரை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் மோதிவிட்டுத் தப்பிய விபத்துகள் 67,387. அவற்றில் செத்தவர்கள் 30,486 பேர்.

வண்டி கிடைக்காததால் ஒரு குடும்பம் எவ்வளவு இழக்கிறது? ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். வயது 34. மாதம் 15,000 ரூபாய் சம்பாத்தியம். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய். மோதிய லாரி பிடிபட்டு, ஓட்டுநரின் கவனக்குறைவும் நிரூபணமானால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கணக்குப் போடும். வருங்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் மாதம் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. அதை வருடத்துக்காக 12-ஆலும், அந்த வயதுக்கான பெருக்கி எண்ணான 16-ஆலும் பெருக்கினால் 30,24,000 ரூபாய். ஈமச்செலவும் துணையிழப்புத் தொகையும் தனி.

அதே கொத்தனார், அதே சாலை, அதே லாரி. நம்பர் மட்டும் தெரியவில்லை. இப்போது அவர் குடும்பத்துக்குச் சட்டம் தருவது 2 லட்சம். ஆக, நம் நாட்டில் ஒரு நம்பர் பிளேட்டின் விலை 28 லட்சத்துக்கும் மேலே. அதைத் தாங்கி ஓடும் லாரியேகூட சில சமயம் அந்த விலைக்குப் போகாது.

அந்த 2 லட்சமும் சும்மா வந்ததில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆவது பிரிவு, அடையாளம் தெரியாத வண்டி மோதிச் செத்தவருக்கு முதலில் வைத்த விலை 8,500 ரூபாய். 1994-இல் மனமிரங்கி 25,000 ஆக்கினார்கள். அதன்பின் தங்கம் ஏறியது, டீசல் ஏறியது, சட்டமன்ற உறுப்பினர் சம்பளமும் ஏறியது. செத்தவர் விலை மட்டும் ஏறக்குறைய 28 ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2022 ஏப்ரல் 1 முதல்தான் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம். உடம்பெல்லாம் சிராய்ப்பு, பத்து நாள் வேலையில்லை, எலும்பு மட்டும் உடையவில்லை என்றால் பூஜ்யம். அரசாங்கத்துக்கு எலும்பில்தான் வலி தெரியும்.

சரி, கொஞ்சமோ நஞ்சமோ, அந்தப் பணத்தை வாங்க என்ன செய்ய வேண்டும்? இங்கேதான் என் கோபம் தொடங்குகிறது. வழி அவ்வளவு சுலபமானது. வக்கீல் வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம். படிவம் ஒன்று என்ற விண்ணப்பத்தை நிரப்பி, எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று, அடையாள அட்டைகள், வங்கிப் பாஸ்புக் நகல் ஆகியவற்றை இணைக்க வேண்டும். வேறு வழியில் இழப்பீடு கிடைத்தால் இதைத் திருப்பித் தருகிறேன் என்று ஓர் உறுதிமொழியும் வேண்டும். விபத்து நடந்த பகுதியின் தாசில்தார் அல்லது கோட்டாட்சியர்தான் விசாரணை அதிகாரி. அங்கே கொடுத்தால் போதும். அவர் ஒரு மாதத்துக்குள் விசாரித்துக் கலெக்டருக்கு அனுப்ப வேண்டும். கலெக்டர் 15 நாளில் உத்தரவிட வேண்டும். அடுத்த 15 நாளில் பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வந்துவிட வேண்டும். மொத்தம் இரண்டே மாதம். திட்டத்தை எழுதியவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இன்னொன்றும் விதியாக இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போட்டு ஒரு மாதமாகியும் வண்டி கிடைக்கவில்லையா? காவல் நிலையமே பாதிக்கப்பட்டவருக்கோ அவர் வாரிசுக்கோ எழுத்து மூலம் சொல்ல வேண்டும்: ‘உங்களுக்கு இப்படி ஒரு திட்டம் உண்டு, இன்ன அதிகாரியைப் பாருங்கள்.’ முதல் விபத்து அறிக்கையையும் விசாரணை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். இது தயவில்லை, கடமை.

நடப்பது என்ன? கணவனைப் பறிகொடுத்தவள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள். “வண்டி கிடைச்சா சொல்லி அனுப்புறோம்மா, போங்க” என்கிறார்கள். அவளும் போகிறாள். வண்டி கிடைப்பதில்லை, ஆகவே யாரும் சொல்லி அனுப்புவதுமில்லை. வண்டி கிடைக்காவிட்டால்தான் சொல்லி அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்வதை அவளிடம் யார் சொல்வது?

விளைவை எண்ணிலேயே பாருங்கள். 2022–23 நிதியாண்டில் நாடு முழுவதும் இந்த இழப்பீட்டுக்கு வந்த விண்ணப்பங்கள் 205. பணம் கொடுத்து முடித்தவை 95. முப்பதாயிரம் பேர் செத்த நாட்டில் 205 மனு! மீதிப் பேரெல்லாம் பெருந்தன்மையோடு, ‘எங்களுக்கு வேண்டாம், கஜானாவிலேயே இருக்கட்டும்’ என்று விட்டுக்கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. கொத்தனார் மனைவிக்கு எதற்குப் பணம்?

இந்த எண்களைக் கண்டு உச்ச நீதிமன்றமே கேள்வி கேட்டது. வழக்கைத் தொடுத்தவர் கோவையின் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன். 2024 ஜனவரி 12-ஆம் தேதி உத்தரவில், போலீஸ் தன் கடமையைச் செய்தே ஆக வேண்டும் என்றது நீதிமன்றம். விபத்து அறிக்கை கிடைத்து ஒரு மாதமாகியும் மனு வரவில்லை என்றால், விசாரணை அதிகாரி அதை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் தெரிவிக்க வேண்டும். அவர்கள் குடும்பத்தைத் தேடிப்போய் மனுப் போட உதவ வேண்டும் என்றது. தொகையை உயர்த்துவது பற்றியும் யோசிக்கச் சொன்னது. தாசில்தாருக்கு விண்ணப்பம் வராததற்கு நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை வழக்கு போக வேண்டியிருக்கிறது.

தப்பியோடும் ஓட்டுநரைத் தண்டிப்பதில் அரசு காட்டிய வீரமும் சொல்லத் தக்கது. மோதிக் கொன்றுவிட்டு, போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 106(2) என்றொரு பிரிவு வைத்தார்கள். 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டு ஜூலை 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அந்த உட்பிரிவை மட்டும் ஓரங்கட்டிவிட்டார்கள். ஓடிப்போகிறவர்களைப் பிடிக்க வந்த பிரிவே ஓடிப்போய்விட்டது.

இனி, மனுப் போடுகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். முதல் குழி ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேடு எழுதும்போது, கூட வந்தவர் பதற்றத்தில் “வண்டியிலேருந்து விழுந்துட்டார்” என்று சொன்னால் அப்படியே எழுதிவிடுவார்கள். பிறகு எந்த எஃப்.ஐ.ஆரில் லாரி மோதியது என்று சொன்னாலும், ‘தானே விழுந்தவர்’ என்ற அந்த ஒரு வரி குறுக்கே நிற்கும். அடையாளம் தெரியாத வாகனம் மோதியது, இன்ன இடம், இன்ன நேரம் என்று அங்கேயே பதியச் சொல்லுங்கள். இரண்டாவது குழி தாமதம். கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் உள்ள கேமராப் பதிவுகள் சில நாட்களில், சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். எந்தெந்தக் கேமராவைப் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி கிடைத்தால் 30 லட்சம். அதனால் தேடுவதை முதலில் கைவிடுகிறவர் குடும்பமாக இருக்கக் கூடாது. இந்த 2 லட்சத்தை வாங்கிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். பிற்பாடு தீர்ப்பாயம் இழப்பீடு கொடுத்தால் இதைக் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

யாரும் சொல்லாத இன்னொரு பணமும் உண்டு. இறந்தவர் தன் பெயரிலுள்ள வண்டியை, செல்லுபடியாகும் லைசென்சுடன் ஓட்டிப் போனவரா? அப்படியானால் அவருடைய சொந்த பாலிசியைப் புரட்டுங்கள். உரிமையாளர்–ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒரு வரி இருந்தால், அது 15 லட்சம். மோதிய வண்டி கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்று அதற்குக் கேள்வியே இல்லை. அவருடைய வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடித்திருந்தால், பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் இன்னுமொரு 2 லட்சம். எத்தனையோ குடும்பங்கள் அந்தப் பாலிசித் தாளைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டு நிற்கின்றன.

மோதியவன் இருட்டில் ஓடினான். அவன் முகம் யாருக்கும் தெரியாது. ஆனால் சொல்ல வேண்டிய இன்ஸ்பெக்டர், விசாரிக்க வேண்டிய தாசில்தார், உத்தரவிட வேண்டிய கலெக்டர் ஆகியோர் ஓடவில்லை. பெயர்ப்பலகையோடு பட்டப்பகலில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் தெருவில் இப்படி ஒரு சாவு விழுந்திருந்தால், ஒரு மாதம் கழிந்ததும் அந்தக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். எழுத்துமூலத் தகவல் எங்கே என்று கேளுங்கள். தராவிட்டாலும் நிற்க வேண்டாம், எஃப்.ஐ.ஆர். நகலோடு தாசில்தார் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிடுங்கள். அங்கேயும் இழுத்தடித்தால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அழையுங்கள். அந்த அதிகாரிகள் தருவது பிச்சையல்ல. கேட்காதவரை அவர்கள் தரப்போவதுமில்லை.