ஆடினால் திட்டினோம், ஆட்டவே வாங்கினோம்

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் படம் மங்கினால் தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். ஆபரேட்டர் அண்ணன் லென்ஸைத் திருகுவார். கதாநாயகன் முகம் தெளிந்ததும் விசில் அடங்கிவிடும். ஓரத்து எழுத்து தெளிவா என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டில் பிலிம் தளர்ந்து படம் நடுங்கினால் மட்டும் அண்ணனின் குலம் கோத்திரமெல்லாம் சந்திக்கு வரும்.

இப்போது வீட்டில் 100 அங்குலத் திரை. விசிலடிக்க ஆளில்லாததால் அந்த வேலையும் என்னுடையது. ஒரு சாண் தூரத்தில் நின்று சப்டைட்டிலை முறைக்கிறேன். நடுவே கூர்மை; கீழ் மூலைகள் இரண்டும் பஞ்சு.

புரொஜெக்டரை மாட்டிவிட்டுப் போனவர் கூரையோடு ஒட்டி மாட்டியிருந்தார். படத்தைக் கீழே இறக்க லென்ஸ் ஷிஃப்டைக் கடைசிவரை திருப்பியாக வேண்டும். அப்போது கீழ் மூலைகளுக்கான ஒளி லென்ஸின் சரியான பகுதியை விட்டு ஓரமாகப் போகிறது. அங்கே லென்ஸ் தன் சாமர்த்தியத்தை இழக்கிறது. போகஸை எவ்வளவு திருகினாலும் மூலை தெளியும்போது நடு மங்கும். கீஸ்டோன் பொத்தான் இதற்கு மருந்தல்ல. அது சிப்பில் படத்தையே நசுக்கி, நேர்க்கோட்டைப் படிக்கட்டாக்கிவிடும். நீளமான குழாய் போட்டுக் கருவியை ஓரடி இறக்கினோம். ஷிஃப்ட் நடுவை நெருங்கியது, மூலைகள் எழுந்து உட்கார்ந்தன. இதுவே இடது மூலை கூர்மை, வலது மூலை மங்கல் என்றிருந்தால் கருவி திரைக்கு நேராக இல்லை என்று பொருள். அதற்கு மாட்டியதைத்தான் திருப்ப வேண்டும்.

அடுத்தது பிக்ஸல் ஷிஃப்ட். கருவிக்குள் இருக்கும் சிப் 1920×1080தான். ஒரு படத்தை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அரைப் பிக்ஸல் நகர்த்தி, நொடியில் அறுபதில் ஒரு பங்குக்குள் நான்கையும் காட்டி 4K என்கிறார்கள். என் திரையில் ஒரு பிக்ஸல் ஏறக்குறைய 1.15 மில்லிமீட்டர், நகர்வு அதில் பாதி. அன்று நடுங்கியதற்குத் திட்டு. இன்று நடுங்குவதற்குக் கூடுதல் விலை.

இந்த நடுக்கம் ஓடும்போது போகஸ் பார்ப்பது வீண். பிக்ஸல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதால், மங்கல் லென்ஸுடையதா நகர்வுடையதா என்று தெரியாது. ஆகவே மெனுவில் அதை அணைத்துவிட்டு, கருவியை அரைமணி நேரம் ஓடவிடுகிறேன். லென்ஸ் சூடேறும்போது போகஸ் கொஞ்சம் நகரும். பிறகு கட்டம் போட்ட படத்தில், நடுவுக்கும் மூலைக்கும் இடைப்பட்ட இடத்தில் நின்று திருகுகிறேன். பிக்ஸல்களுக்கு இடையிலுள்ள மெல்லிய கருங்கோடு அங்கே தெரிந்தால் நிறுத்திவிடலாம். ஷிஃப்டை மறுபடி அசைத்தால் இதை முதலிலிருந்து செய்ய வேண்டும். அதன் பிறகே பிக்ஸல் ஷிஃப்டைப் போடுகிறேன்; அந்தக் கருங்கோடுகள் மறைந்துவிடும்.

மூலையில் வெள்ளை எழுத்தைச் சுற்றி மயிரிழைச் சிவப்பு மட்டும் போகவில்லை. அது லென்ஸின் குணம், திருகுக்கு அடங்காது. சோபாவிலிருந்து பார்த்தால் தெரிவதும் இல்லை. ஆனாலும் படம் ஓடும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.