பொங்கல் லீவு யாருக்கு?

கேள்வி: எங்கள் டீமில் எட்டுப் பேர். பொங்கலுக்கு மூன்று பேராவது வேலையில் இருக்க வேண்டும். எட்டுப் பேருமே ஊருக்குப் போகணும் என்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. ஜனவரி 13 பயணத்துக்கு நவம்பர் 14 காலையில் டிக்கெட் போட வேண்டும். டிசம்பரில் லீவு கொடுத்தால், லீவு இருக்கும். ரயிலில் இடம் இருக்காது! எனவே பெயர் கொடுக்க நவம்பர் 5 கடைசி நாள். முந்திக் கேட்டவருக்கே என்று வைக்காதீர்கள். நைட் ஷிப்டில் இருப்பவர் ஏமாந்துபோவார். தீபாவளிக்கு வேலை பார்த்தவருக்கு முதலிடம், மிச்சத்துக்குக் குலுக்கல். 10-ம் தேதிக்குள் ஒவ்வொருவருக்கும் தேதி போட்டு மெயில் அனுப்புங்கள், கிடைக்காதவருக்கும்தான். ‘பார்க்கலாம்’ என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.