சாவி கைக்கு வந்த பிறகு

ஏ.எஃப்.டி. மில் ஓடிய காலத்தில் புதுச்சேரி முதலியார்பேட்டையில் வீடு தேடுகிறவர், ஷிப்ட் விடும் நேரத்தில் டீக்கடைப் பக்கம் நின்றால் போதும். எந்தத் தெருவில் யார் காலி செய்கிறார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும். எங்கள் அப்பா அப்படித்தான் வீடு பிடித்தார். வீட்டைக் காட்டியவர் காசு கேட்கவில்லை. பால் காய்ச்சிய அன்று வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மில் 2020இல் மூடப்பட்டுவிட்டது. போன வருஷம் தங்கை மகளுக்கு அதே பக்கம் வீடு பார்த்தபோது புரோக்கர் வழியாகத்தான் போக முடிந்தது. வாடகை 12,000 ரூபாய். கமிஷன் ஒரு மாத வாடகை. அதையும் வீடு பிடித்துப்போன அன்றே கொடுத்துவிட வேண்டும் என்றார்.

"ஓனரும் தர்றாருங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"அது வேற கணக்கு சார்."

இரண்டு பக்கமும் வாங்குவது குற்றமில்லை. ஆனால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஓனரும் தருகிறார் என்று தெரிந்த பிறகு அரை மாத வாடகை, 6,000 ரூபாய்க்குப் பேசினேன். அவர் ஒத்துக்கொண்டார்.

எப்போது கொடுப்பது என்பதில்தான் இழுபறி. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 219ஆம் பிரிவில், வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதவரை வேலை முடிந்த பிறகே முகவருக்குக் கூலி சேரும் என்கிறது. முன்பணம் தருகிறேன் என்று நாமே வாயை விட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதனால் இந்தப் பேச்சை வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே முடித்துவிட வேண்டும். பார்த்து மனசு ஒட்டிய பிறகு பேரம் பேச நமக்குத் தெம்பு இருக்காது. ஒருகாலத்தில் எங்கள் ஊரை ஆண்ட பிரான்சில் 2014இல் வந்த சட்டப்படி, வாடகைக்கு வருபவரின் பங்கு ஓனரின் பங்கைத் தாண்டக்கூடாது; வீடு காட்டியதற்கும் பத்திரம் எழுதியதற்குமான கட்டணத்தைக் கையெழுத்தாகும்போதுதான் கேட்க முடியும். இங்கே அந்த இரண்டையும் நாமே பேசித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் இப்படி முடிவானது: ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும் 3,000, சாவி கைக்கு வந்ததும் 3,000. டோக்கன் அட்வான்ஸ் புரோக்கர் கைக்குப் போகவில்லை, ஓனரின் வங்கிக் கணக்குக்கே போனது. ஓனர் மனம் மாறினால் புரோக்கரிடம் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும். ஓனரைப் பார்க்க விடாமல் டோக்கன் மட்டும் கேட்கிற புரோக்கரிடம் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு. அது முடிந்து புதுப்பிக்கும்போது மறுபடி கமிஷன் கிடையாது என்பதையும் பேசி, புரோக்கரிடம் வாட்ஸ்அப்பிலேயே "சரி சார்" என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.