அறுபத்தாறு வெள்ளி பிரிண்டர்

சிங்கப்பூர் வரலாற்றில் பொற்காலம் ஒன்று உண்டு. பாடப்புத்தகத்தில் தேடாதீர்கள், இருக்காது. 2003 ஜனவரி 13, திங்கட்கிழமை, ஊர் உறங்கும் நேரத்தில் அது உச்சத்தைத் தொட்டது. பொழுது விடிந்து கடைக்காரர் கண் விழித்ததும் முடிந்துபோனது.

அந்தப் பொற்காலத்தைத் தோற்றுவித்தவர் மன்னரல்லர், ஒரு பணியாளர். ஜனவரி 8ஆம் தேதி டிஜிலேண்ட் குழுமத்தில் ஒரு பயிற்சி நடந்தது. இணையக் கடையில் நூற்றுக்கணக்கான பொருள்களின் விலையை ஒரே மூச்சில் மாற்றுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சிக்கு ஏதாவது ஒரு விலை வேண்டுமே! ‘66’ என்று போட்டார்கள். ஒத்திகைக்கென வைத்திருந்த அந்த எண் உண்மையான கடைக்குள் ஏறிவிட்டது. ஹெச்.பி. கலர் லேசர்ஜெட் 4600 என்னும் அலுவலக பிரிண்டரின் விலை 3,854 வெள்ளி. அது 66 வெள்ளியானது. அந்த பிரிண்டருக்குள் கறுப்பு, சயான், மெஜந்தா, மஞ்சள் என்று நான்கு டோனர் பெட்டிகள் போடவேண்டும். அதில் ஒன்றைக்கூட அன்று 66 வெள்ளிக்கு எந்தக் கடைக்காரரும் கண்ணில் காட்டியிருக்கமாட்டார்.

கடையில் யாரும் கவனிக்கவில்லை. விலைப்பட்டியலை வாடிக்கையாளர் படிக்கிற அக்கறையோடு எந்த முதலாளி படிக்கிறார்?

பிறகு அந்தத் திங்கட்கிழமை அதிகாலை வந்தது. ஆறு நண்பர்களுக்குச் சேதி எட்டியது. ஒருவர் இன்னொருவரை எழுப்ப, அவர் மற்றொருவரை எழுப்ப, தொலைபேசியும் இணைய அரட்டையும் சூடாகின. படித்தவர்கள், உலகம் தெரிந்தவர்கள். ஒருவர் வழக்கறிஞர்கூட. ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு அசட்டுச் சிரிப்போடு படுத்திருந்தால் சரித்திரம் அவர்களை மன்னித்திருக்கும். அவர்கள் வாங்கியது 1,606 பிரிண்டர். கொடுக்கவேண்டிய பணம் 1,05,996 வெள்ளி. சரக்கின் உண்மையான மதிப்போ 61 லட்சத்து 89 ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி. இத்தனையையும் எங்கே இறக்கி வைப்பது என்று அந்த இரவில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வேறு தளங்களில் இதே பிரிண்டர் என்ன விலைக்குப் போகிறது என்று பார்ப்பதற்கு மட்டும் நேரம் இருந்தது. இந்தத் தேடல் பின்னால் அவர்கள் காலைச் சுற்றப்போகிறது.

அவர்கள் மட்டும்தானா? மொத்தம் 784 பேர், 4,086 பிரிண்டர். கடையின் கணினி சளைக்காமல் வேலை பார்த்தது. வந்த ஒவ்வோர் ஆர்டருக்கும், உங்கள் கொள்முதல் உறுதியானது என்று சில நிமிடங்களில் மின்னஞ்சல் அனுப்பியது. அந்த நேரத்தில் நிறுவனத்திலேயே தன் கடமையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். அதைத்தான் எல்லோரும் பிறகு திட்டினார்கள்.

காலையில் குட்டு உடைந்தது. விளம்பரத்தைக் கழற்றிவிட்டு, 784 பேருக்கும் ஓர் அறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். விலை தவறாக வெளியாகிவிட்டது, வருந்துகிறோம், எனவே ஆர்டர்களை நிறைவேற்ற மாட்டோம்: சாரம் இவ்வளவுதான். உடனே அனுப்பியது புத்திசாலித்தனம். ஒரு நாள் தாமதித்திருந்தால், விலையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று ஆறு பேரும் வாதாட வசதியாகப் போயிருக்கும்.

பெரும்பாலோர் பெருமூச்சு விட்டுவிட்டு அலுவலகம் போனார்கள். நம் அறுவர் உயர் நீதிமன்றம் போனார்கள்.

அவர்கள் கையில் இருந்த ஆயுதம் அந்த உறுதி மின்னஞ்சல். அதைச் சும்மா நினைக்காதீர்கள். அதற்கு ஓராண்டுக்கு முன்புதான் இங்கிலாந்தில் கோடாக் நிறுவனம் 329 பவுண்டு கேமரா தொகுப்பைத் தவறுதலாக 100 பவுண்டு என்று போட்டு மாட்டிக்கொண்டது. முதலில் முடியாது என்றது. தானே அனுப்பிய மின்னஞ்சல் ஆர்டரை ஏற்றுக்கொண்டதுபோல் இருந்ததால், வாங்கியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கடைசியில் 2002 ஜனவரி முடிவதற்குள் கோடாக் அதே விலைக்குக் கேமராவைக் கொடுத்தது. 2003 மார்ச்சில் அமேசானின் பிரிட்டிஷ் கடையும் இதே குழியில் விழப்பார்த்தது. ஏறத்தாழ 275 பவுண்டு பெறுமான கையடக்கக் கணினி 7 பவுண்டு 32 பென்ஸுக்குத் தொங்கியது. ஆனால் அமேசான் தன் விதிமுறைகளில் ஒரு வரி எழுதி வைத்திருந்தது. ஆர்டர் வந்துசேர்ந்தது என்ற கடிதம் வெறும் ரசீது. சரக்கை அனுப்பிவிட்டோம் என்ற கடிதம் போனால்தான் ஒப்பந்தம். அந்த ஒரு வரியைச் சுட்டிக்காட்டி ஆர்டர்களைத் தள்ளிவிட்டது.

சிங்கப்பூர்க் கடையிடம் அந்த வரி அவ்வளவு பத்திரமாக இல்லை. நீதிபதி வி.கே. ராஜா 2004இல் தீர்ப்பு எழுதியபோது, கணினிதானே அனுப்பியது என்ற சாக்கெல்லாம் எடுபடவில்லை. கணினியைக் கடையில் உட்கார வைத்தவர் அது சொல்லும் சொல்லுக்கும் பொறுப்பு. ஆகவே பார்வைக்கு ஒப்பந்தம் உண்டானது போலத்தான். இந்த இடம்வரை படித்த அறுவர் மனத்துக்குள் 1,606 பெட்டிகளையும் இறக்கியிருப்பார்கள்.

அடுத்த கேள்வியில் எல்லாம் கவிழ்ந்தது. விலை தவறு என்பது வாங்கும்போதே உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது, மலிவு விற்பனை என்று நம்பினோம் என்றார்கள் வாதிகள். அப்படியானால் அந்த அதிகாலையில் வேறு தளங்களில் விலை தேடியது ஏன்? ஒருவரை ஒருவர் எழுப்பி, விடிவதற்குள் நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்த அவசரம் எதற்கு? அரட்டையில் தட்டியதெல்லாம் அச்சாகி நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது. நட்பு பேசும்போது இனிக்கும், சாட்சியாகும்போது கசக்கும். எதிராளி தவறு செய்கிறார் என்று தெரிந்தே அதைக் கவ்விக்கொண்டால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்றார் நீதிபதி.

மேல்முறையீட்டில் 2005இலும் தோல்வி. ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு நுணுக்கத்தைச் சொல்லி வைத்தது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சந்தேகப்படுவது மட்டும் பொதுச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தை உடைக்கப் போதாது. உண்மையிலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துவிடுமோ என்று வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிந்ததாகவே கணக்கு. வெறும் அலட்சியம் என்றால், கூடவே நேர்மைக்குப் புறம்பான நடத்தையும் இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும்.

இதனால் ஏறத்தாழ பத்து விழுக்காடு குறைத்துப் போட்டுவிட்டு, ‘ஐயோ தவறு’ என்று அலறும் கடைக்காரருக்கு இந்தத் தீர்ப்பு அரணாகாது. 3,854ஐ 3,450 என்று போட்டிருந்தால் அது தவறா தள்ளுபடியா என்று எந்த வாடிக்கையாளருக்குத் தெரியும்? அப்போது சரக்கைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் வழி. 66 என்றால் கதை வேறு.

ஆகையால் அறிவிப்பு எழுதப்போகும் கடைக்காரரே, எந்தப் பொருள், போட்ட விலை எது, சரியான விலை எது, வந்த ஆர்டரை என்ன செய்யப்போகிறீர்கள், கட்டிய பணம் எப்போது திரும்பும் என்று அன்றைக்கே எழுதுங்கள். சரியான விலைக்கு வேண்டுமா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். வாங்குகிறவரே, நம்ப முடியாத விலையைப் பார்த்தால் ஒன்று வாங்கிப் பாருங்கள். 1,606 வேண்டாம்.