தவணைக்கும் சம்பளத்துக்கும் பொருத்தம்

சம்பளம் 7-ஆம் தேதி வருகிறது. கடன் தவணையை வங்கி 5-ஆம் தேதியே எடுக்கிறது. தேதியை மாற்றச் சொன்னால் கேட்பார்களா?
– வாசகர், திருப்பூர்

முதலாளியிடம் சம்பளத் தேதியை மாற்றச் சொல்வதைவிட இது சுலபம்! எழுதிக் கொடுத்தால் பல வங்கிகள் மாற்றித் தரும். ஆனால் 7-ஆம் தேதியையே கேட்காதீர்கள். தவணை காலையிலேயே கதவைத் தட்டும், சம்பளம் சாயங்காலம் ஆடி அசைந்து வரும். ஞாயிறு லீவு என்றும் நம்ப வேண்டாம். 2021 ஆகஸ்டிலிருந்து தானியங்கிப் பிடித்தத்துக்கு விடுமுறையே கிடையாது. 10-ஆம் தேதி கேளுங்கள்.

தள்ளிப்போகும் 5 நாளுக்கான வட்டியை ஒரே ஒரு முறை கேட்பார்கள். 12 சதவீத வட்டியில் 5 லட்சம் பாக்கி என்றால் சுமார் 820 ரூபாய். கசக்கும்தான். ஆனால் தவணை திரும்பினால் கடன் கொடுத்த வங்கி ஒரு அபராதம், கணக்கு வைத்திருக்கும் வங்கி இன்னொரு அபராதம் என்று மாதாமாதம் மொய் எழுத வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: புதிய தவணை அட்டவணை கைக்கு வரும்வரை 5-ஆம் தேதியும் கணக்கில் பணம் இருக்கட்டும். மனு கொடுத்த மாதத்தில் பழைய தேதியிலேயே பிடித்துவிடுவது சகஜம்.