குத்திப் பாரு, பொறவு பூசு

ஏலே பேராண்டி, மாட்டுக் கொட்டாய்த் தகரம் துருப்பிடிச்சதுக்கு செல்போன்ல விடிய விடியப் படம் பாக்கியாமே? ஏதோ வெளிநாட்டு டப்பாவாம், தடவினா தகரம் புதுசாயிருமாம். தடவுறதுக்குத் தகரம் மிச்சம் இருக்கான்னு பாத்தியா?

மொதல்ல உச்சி வெயில்ல கொட்டாய்க்குள்ள நின்னு அண்ணாந்து பாரு. புள்ளி புள்ளியா வெளிச்சம் தெரியுதா? அந்த ஷீட்டுல சுண்ணாம்பால ஒரு குறி போடு. பொறவு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஒரு ஷீட்டு மேல இன்னொண்ணு ஏறுற எடத்துலயும் ஆணி ஓட்டையைச் சுத்தியும் குத்து. மழைத்தண்ணி அந்த இடுக்குலதான் காயாமக் கெடக்கும். துரு அங்கதான் மொதல்ல குடியேறும். மேல பளபளன்னு இருக்கும், குத்தினா அப்பளமா நொறுங்கும்.

நம்ம கொட்டாய்ல பத்து ஷீட்டு. மாட்டு மூத்திர ஆவி அடிக்கிற மூலையில மூணு நொறுங்கும்னு வையி. அதுக்குப் பெயின்ட் வாங்குறவன் பணக்காரனா, கிறுக்கனா? கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டு.

மிச்சம் ஏழுக்கும் கிரைண்டரைத் தூக்கிட்டு ஏறப் பாக்கியே, அதான்லே கூடாது! துரு இல்லாத எடத்துல சாம்பக் கலர்ல இருக்கே, அது துத்தநாகப் பூச்சு. இத்தன வருசம் தகரத்தைக் காப்பாத்தினது அதுதான். அதையும் சேத்துச் சுரண்டிட்டு காப்பாத்தச் சொல்லி யாரைக் கூப்பிடுவ? துரு இருக்குற எடத்துல மட்டும் கம்பி பிரஷ்ஷால தேய். மூக்குல துணியைக் கட்டிக்க. உதிர்றது உதிரட்டும், ஒட்டிக்கிட்டு நிக்கிற கறையோட மல்லுக்கட்டாத. சோப்புத்தண்ணி ஊத்திக் கழுவி, நல்லாக் காயவிடு.

காஞ்ச அன்னைக்கே பிரைமர் அடிச்சிரணும். நாளைக்குன்னு விட்டா ராத்திரிப் பனியில மறுபடியும் செவந்துரும். துரு தேச்ச எடத்துக்கு ரெட் ஆக்சைடு போதும். துத்தநாகம் நிக்கிற எடத்துக்கு ஜி.ஐ. தகரத்துக்குன்னே இருக்குற பிரைமரைக் கேட்டு வாங்கு. சாதாரண எண்ணெய்ப் பெயின்டை அது மேல நேரா அடிச்சா, துத்தநாகம் அதைச் சோப்பாக்கிரும். கொஞ்ச நாள்ல பெயின்டு தோலு தோலா உரியும். நீ கடைக்காரனை வைவ, அவன் உன்னைப் பாத்துச் சிரிப்பான்.

பிரைமர் மேல பெயின்டு ரெண்டு கோட்டு, மொதக் கோட்டு காஞ்ச பொறவு ரெண்டாவது. மத்தியானச் சூட்டுல அடிக்காத. தகரம் கொதிச்சா பெயின்டு பரவுறதுக்குள்ள காஞ்சிரும். மேல ஏறினா ஆணி வரிசை மேலயே கால வையி. அடியில சட்டம் இருக்குறது அங்கதான்.

பத்துல ஆறேழு ஷீட்டு குத்துக்குத் தாங்கலன்னா? பெயின்டு பேச்சே வேண்டாம். ஒட்டுப்போடுறதுக்கும் சாரம் கட்டணும், ஆளுக்குக் கூலி குடுக்கணும். மொத்தமா மாத்திரு, அதான் லாபம். செல்போனை வெச்சிட்டுப் போ, ஸ்க்ரூடிரைவரை எடு.