குறிகாரி அக்கா

பின்னணி வெள்ளையாக ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்தீர்களானால், திங்கள்நகர் ஸ்டூடியோவில் அது பிரிண்டாகி வெளியே வருவதற்குள் அக்காவுக்குச் சேதி எட்டியிருக்கும். மறுநாள் டியூட்டி மாற்றும்போது கையில் ரிப்போர்ட் புக்கோடு வந்து நிற்பார். "பிள்ளே, ரேஷன் கார்டுக்கு நீலம் போதுமே. வெள்ளையில எதுக்கு எடுத்த? எந்த நாடு மக்கா?"

எந்த நாடும் இல்லை அக்கா, ஸ்டூடியோக்காரன் நீலத் துணியைத் துவைக்கப் போட்டிருந்தான் என்று சொன்னால் நம்ப மாட்டார். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஏறிவிடும் உங்கள் பெயர்.

அக்கா வேலையில் சேர்ந்து பத்தொன்பது வருஷம். நெய்யூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கு அடுத்த மாசமும் நைட்டுதான். ஊரறிந்த அந்தப் பெரிய மிஷன் ஆஸ்பத்திரி அல்ல, இது வேறே. இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அக்கா கண்ணெதிரே வேலையை விட்டுப்போன நர்ஸுகளைச் சேர்த்தால் இன்னொரு ஆஸ்பத்திரியே திறக்கலாம். குவைத், சவுதி, அயர்லாந்து, இங்கிலாந்து. ஒவ்வொருத்தி போன பிறகும் அக்கா சொல்வது ஒரே வார்த்தை: "எனக்கு அப்பமே தெரியும்."

எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு சாஸ்திரமே வைத்திருக்கிறார்.

போட்டோ என்பது கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்னால் வருவது கையெழுத்து. நேற்று வரை நைட் ரிப்போர்ட்டில் 'ஸ்லெப்ட் வெல்' என்று இரண்டே வார்த்தை எழுதிவிட்டுப் போனவள், திடீரென்று முழு முழு வாக்கியமாக, காற்புள்ளி முற்றுப்புள்ளியோடு, நோயாளி எந்த ஊர், எதற்காகச் சேர்ந்தார், இனி வீட்டில் என்ன கவனிப்பு வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதுகிறாள் என்றால், அவள் ஓஇடி பரீட்சைக்குப் படிக்கிறாள். வெளிநாடு போகும் நர்ஸுகளின் ஆங்கிலப் பரீட்சை அது. அதில் எழுத்துப் பகுதி என்பதே ஒரு நோயாளியைப் பற்றி இன்னொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ கடிதம் எழுதுவதுதான். இங்கிலாந்துக்காரர்கள் மற்ற மூன்று பகுதியிலும் 'பி' கேட்டுவிட்டு, எழுத்துக்கு மட்டும் மனமிரங்கி 'சி ப்ளஸ்' போதும் என்கிறார்கள். அந்த 'சி ப்ளஸ்' எங்கள் ரிப்போர்ட் புக்கில்தான் பழகப்படுகிறது என்பது அக்காவின் கண்டுபிடிப்பு.

அதைவிடப் பெரிய அடையாளம் மரியாதை. பேச்சுப் பகுதியில் நோயாளியாக நடிப்பவரிடம் கனிவாகப் பேசவேண்டும். அவருக்கு என்ன தெரியும், என்ன பயம் என்று முதலில் கேட்டறிய வேண்டும். அதற்கெல்லாம் மார்க் உண்டு. ஒரு நாள் குளச்சலில் இருந்து வந்து படுத்திருந்த பெரியவர் ஒருவரிடம் எங்கள் வார்டுப் பிள்ளை ஊசியோடு போய் நின்று, "தாத்தா, ஒங்க கவலை எனக்குப் புரியுது. இந்த ஊசியப் பத்தி ஒங்களுக்கு முன்னாடியே என்ன தெரியும்னு சொல்ல முடியுமா?" என்றாள். கடலில் நாற்பது வருஷம் வலை இழுத்த மனுஷர். அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "போடப்போறியா, பெய்ட்டு வேற ஆள அனுப்புதியா?" என்றார். அடுத்த கட்டிலில் டிரிப் மாற்றிக்கொண்டிருந்த அக்கா என் காதில் முணுமுணுத்தார்: "மூணு மாசம். எழுதி வச்சுக்கோ."

மூன்று மாசம் பத்து நாளில் போய்விட்டாள். இதை அக்காவின் மகத்தான வெற்றியாகக் கொள்ளலாம். சொல்லப்போனால் அது ஒன்றுதான் வெற்றி. மீதி எல்லாம் நடந்து முடிந்த பிறகு சொன்ன குறி.

மார்ச் மாசம் நடந்தது அப்படித்தான். இரண்டரை வருஷமாக எங்களோடு இருந்த ஒரு பிள்ளை. கைக்குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் நரம்பு கிடைக்கும் அவளுக்கு. ரிப்போர்ட்டில் 'ஸ்லெப்ட் வெல்' மட்டும்தான் எழுதுவாள். நோயாளிகளிடம் எரிந்து விழுவாள். பரீட்சை நாளான சனிக்கிழமையில் லீவு கேட்டதே இல்லை. ஒரு புதன்கிழமை காலை ஆபீசுக்குப் போய், ஒரு மாச நோட்டீஸுக்குப் பதில் ஒரு மாசச் சம்பளத்தைக் கட்டிவிட்டு, மத்தியானம் எங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். பரீட்சைக்கெல்லாம் தன் வாராந்திர ஆஃபில்தான் போயிருக்கிறாள். போட்டோவை மார்த்தாண்டத்தில் எடுத்திருக்கிறாள்!

அக்கா லட்டைத் தின்னவில்லை. "ஒரு சூசனை தந்திருக்கலாம்லா," என்று மூன்று நாள் வெப்ராளப்பட்டுக்கொண்டு திரிந்தார். பிரிவுத் துயரம் என்று நினைக்க வேண்டாம். தொழில் அவமானம்.

எங்களுக்கு வந்த துயரம் வேறே, அது கணக்குத் துயரம். வார்டில் காலைக்கு மூன்று பேர், சாயங்காலத்துக்கு இரண்டு, ராத்திரிக்கு இரண்டு. ஒரு நாளைக்கு ஏழு டியூட்டி. வாரத்துக்கு 49. ஆளுக்கு ஒரு நாள் ஆஃப் போனால் ஆறு டியூட்டி. ஒன்பது பேர் இருந்தபோது 54 வந்தது. கூடுதலாக இருந்த அந்த ஐந்தில்தான் எங்கள் வாழ்க்கை நடந்தது: ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தி வீட்டில் கல்யாணம், ஒருத்தியின் பிள்ளைக்கு ஸ்கூல் மீட்டிங். ஒருத்தி போனதும் எட்டு பேர், 48. யாருக்கும் தும்மல்கூட வராவிட்டாலும் வாரத்துக்கு ஒன்று குறைகிறது. ஆக, போனவள் கொண்டுபோனது ஆறு டியூட்டி. அதில் ஐந்து எங்கள் காய்ச்சலும் கல்யாணமும், ஆறாவது ஒருத்தியுடைய ஆஃப். இன்னும் ஒருத்தி போனால் 42. ஏழு குறையும். அப்புறம் யாருக்குமே ஆஃப் கிடையாது. முதல் ஆள் போன மாசத்திலேயே இரண்டாவது ஆளுக்கும் கால் அரிக்கத் தொடங்குவது இதனால்தான். ஆசையைவிட அசதிதான் பாதிப்பேரைப் பாஸ்போர்ட் ஆபீசுக்குத் தள்ளுகிறது. நிர்வாகத்துக்கு இந்தக் கணக்கு வராது. அவர்களுக்கு வருவது ஒரே வார்த்தை: "அட்ஜஸ்ட் பண்ணுங்க."

டியூட்டியையாவது பங்கு போடலாம். அவள் தலைக்குள் இருந்ததை எப்படிப் பங்கு போடுவது? எமர்ஜென்சி டிராலியில் மருந்துகளின் காலாவதித் தேதியைப் பார்ப்பது அவள். திங்கட்கிழமை ஸ்டோருக்கு இண்டென்ட் எழுதுவது அவள். அவள் போன மறுவாரம் ராத்திரி இரண்டு மணிக்கு டிராலியைச் சரிபார்க்கும்போது லாரிங்கோஸ்கோப் எரியவில்லை. தொண்டைக்குள் குழாய் விடும்போது வெளிச்சம் காட்டும் கருவி அது. அது எரியாமல் ஒரு வார்டு ராத்திரியைக் கழிக்கக் கூடாது. மாற்று பல்பு எங்கே? மேல் டிராயர், கீழ் டிராயர், பீரோ. அவளுக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். கடைசியில், 'பழைய ரசீது' என்று அவள் கையெழுத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பஞ்சில் பொதிந்து இரண்டு பல்பு. அதைக் கண்டுபிடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அக்காதான். "ரசீதுக்கு எதுக்குடி பஞ்சு?" என்று டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார். அன்று அவருக்கு ஆஃப். நைட்டில் இருக்கும் இரண்டு பேருமே புதுசு என்று கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமல் தானே வந்து உட்கார்ந்திருந்தார். இதைச் சொல்லாவிட்டால் பாவம்.

ஆனால் நான் சொல்லவந்த வயிற்றெரிச்சல் இனிமேல்தான். அக்காவின் கடைசிப் பக்கத்தை இன்சார்ஜ் சிஸ்டரும் வாசிக்கிறார்கள். அதில் பெயர் இருப்பவளை எப்படியாவது பிடித்துவைக்க வேண்டுமே! அதனால் கேட்ட நாளில் ஆஃப், வரிசையாக மூன்று நைட்டுக்கு மேல் கிடையாது, ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் லீவு. போவாள் என்று சந்தேகப்படுகிறவளுக்குச் சீராட்டு. நிற்பாள் என்று நம்புகிறவளுக்குச் சுமை. ஒரு வருஷ அனுபவச் சான்று கேட்டு ஒருத்தி ஆபீசுக்குப் போனாள் என்ற வதந்தி ஒன்றே போதும், அந்த வாரம் அவளுக்கு ஞாயிறு ஆஃப். நிற்பதற்கு என்ன மரியாதை என்று கேட்டால், 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைகூட இல்லாத தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு மாசம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. எங்கள் வார்டில் அந்தத் தொகையை எட்டிப் பிடித்தது இன்சார்ஜ் சிஸ்டரும் பத்தொன்பது வருஷ அக்காவும் மட்டும். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

இதை அக்காவிடம் சொன்னால் சோமர்வெல் துரையை இழுத்துக்கொண்டு வருவார். 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்த லண்டன் சர்ஜன். திரும்பும் வழியில் ஊர் சுற்றிப் பார்க்க நெய்யூருக்கு வந்தவர், மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் பியூ என்ற ஒற்றை ஆள் முடிவில்லாத நோயாளி வரிசையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த நல்ல பதவியை வேண்டாமென்று விட்டுவிட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். "பாத்தியா? பாரம் கூடின எடத்தப் பாத்து ஓடினவனில்ல, ஓடி வந்தவன்," என்பார் அக்கா. நானும் விடுவதில்லை. "1924-ல அவரும் லீவு போட்டு எவரெஸ்டுக்குப் போனாருல்லா? அப்ப அவருக்க டியூட்டிய யாரு பாத்தா?" அக்காவிடம் அதற்குப் பதில் இல்லை. "அவரு திரும்பி வந்தாரு," என்பார் கொஞ்ச நேரம் கழித்து.

ஏப்ரல் ரோஸ்டரில் எனக்கு ஏழு நைட் வந்தபோது நானும் பட்டியலில் ஏறிவிடுவது என்று முடிவு செய்தேன். வயது 43. எந்த நாட்டுக்கும் போகிற உத்தேசம் இல்லை. மாமியாருக்கு மூட்டு வலி, மகன் பிளஸ் டூ. இருந்தாலும் ரிப்போர்ட்டை முழு வாக்கியத்தில் எழுதினேன். நோயாளிகளிடம் உங்கள் கவலை எனக்குப் புரிகிறது என்றேன். மகனுடைய ஆங்கில இலக்கணப் புத்தகத்தை அட்டை தெரியும்படி பையில் செருகிக்கொண்டு வந்தேன். ஒரு சனிக்கிழமை லீவு எழுதிக்கொடுத்தேன். கடைசியாக, திங்கள்நகரில் போய் எண்பது ரூபாய் செலவில் வெள்ளைப் பின்னணியில் எட்டு போட்டோ எடுத்து, அக்கா பார்வையில் படும்படி மேஜைமேல் வைத்தேன்.

அக்கா ஒன்றை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"கொள்ளாம். டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கணும்னு சொன்னேல்லா, அதுக்கா?"

"இல்லக்கா. சும்மா. எதுக்காச்சும் ஒதவும்லா."

சிரித்தார். அன்பான சிரிப்புதான். என் தோளில் தட்டி, "நீ எங்க மக்கா போவ," என்றார். அந்தப் பக்கமாக வந்த இன்சார்ஜ் சிஸ்டரிடமும் சொன்னார், எனக்கு நற்சான்று கொடுக்கிற மாதிரி: "இவ ஒருத்தியப் பத்தி வெப்ராளமே வேண்டாம் சிஸ்டர். நம்ம ஆளு."

மே மாச ரோஸ்டர் நேற்று ஒட்டினார்கள். ஒன்பது நைட்.